கழித்துத் தருவதா, கூட்டித் தருவதா?

2024 மக்களவைத் தேர்தலில் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் திமுகவின் டி.ஆர்.பாலு 7,58,611 வாக்குகள் பெற்று வென்றார். இரண்டாவதாக வந்த அதிமுக வேட்பாளருக்கு 2,71,582. பாஜக அணியில் நின்ற தமிழ் மாநிலக் காங்கிரஸ் வேட்பாளருக்கு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல், நாம் தமிழர் கட்சிக்கு ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் வென்றவருக்கே விழுந்திருக்கிறது. எனவே, இந்தத் தொகுதியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாநிலம் முழுவதையும் கூட்டும்போதுதான் கணக்கு இடிக்கிறது. திமுக அணிக்கு 46.97 விழுக்காடு, அதிமுக அணிக்கு 23.05, பாஜக அணிக்கு 18.28, தனித்து நின்ற நாம் தமிழர் கட்சிக்கு 8.20. இடங்களோ 39க்கு 39ம் திமுக அணிக்கே. வாக்களித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தேர்ந்தெடுக்க நினைத்தவர் எவரும் தமிழகத்திலிருந்து மக்களவைக்குப் போகவில்லை. இது ஓர் அணிக்கு மட்டும் வாய்த்த யோகமல்ல. 2014இல் அதிமுக சுமார் 44 விழுக்காட்டுடன் 37 இடங்களை அள்ளியது. 23 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய திமுகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. முந்துபவருக்கே வெற்றி என்ற முறை, முந்துபவர் எல்லா ஊரிலும் ஒருவராகவே இருந்துவிட்டால், இப்படித்தான் முடியும்.

இதற்கு மருந்தாக 'விகிதாசாரப் பிரதிநிதித்துவம்' வேண்டும் என்ற குரல் சிறிய கட்சிகளிடமிருந்து அவ்வப்போது எழுகிறது. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகளைச் சேர்த்துப் பேசுகிறார்கள். ஒன்று பட்டியல் முறை. மற்றது, தொகுதியையும் வைத்துக்கொண்டு பட்டியலையும் சேர்க்கும் கலப்பு முறை. கலப்பு முறைக்குள்ளும் இரண்டு வகை உண்டு, அவற்றின் விளைவுகளுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. எண்ணிப் பார்த்தால் மட்டுமே அது தெரியும்.

பட்டியல் முறையில் தொகுதி என்ற சிறிய அலகு கிடையாது. ஒரு மாவட்டமோ மாநிலமோ முழுவதும் ஒரே தேர்தல் களம். கட்சிகள் ஆள் பட்டியலைத் தருகின்றன. மக்கள் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். கிடைத்த வாக்கின் அளவுக்கு இடங்கள் பிரிகின்றன. இதைத் தமிழில் பேசி, தமிழில் பிரசாரம் செய்து நடத்தும் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இம்முறையைக் கொண்டுவந்தது. 1989 முதல் நாடாளுமன்றத் தேர்தல்கள் இப்படியே நடக்கின்றன. 225 ஆசனங்களில் 196 மாவட்டவாரியாகவும் 29 தேசியப் பட்டியல் வழியாகவும் நிரப்பப்படுகின்றன.

2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். அங்கே எண்ணியது எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம். முதலில், செல்லுபடியான வாக்குகளில் 5 விழுக்காட்டை எட்டாதவர்களைக் கழித்துவிட வேண்டும். ஐக்கிய மக்கள் சக்தி அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுபோனது. மிஞ்சியவர்கள் ஆறு பேர்: தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக் குழு 17க்கு 27,855, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 17,730. கூட்டினால் 2,40,241.

அடுத்து, மாவட்டத்தில் முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அது தேசிய மக்கள் சக்திக்குப் போகிறது. எஞ்சிய 5 ஆசனங்களுக்கு 2,40,241ஐப் பங்கிட்டால் ஓர் ஆசனத்தின் விலை 48,049 வாக்கு. முழு விலையைக் கொடுக்கக்கூடியவர்கள் இருவரே. தேசிய மக்கள் சக்தி ஒன்றை வாங்குகிறது, அதன் கையில் 32,781 மிச்சம். தமிழரசுக் கட்சி ஒன்றை வாங்குகிறது, மிச்சம் 15,278. இன்னும் மூன்று ஆசனங்கள் இருக்கின்றன. அவற்றை மிச்சம் அதிகமுள்ளவர்களுக்கு வரிசையாகக் கொடுக்க வேண்டும்: 32,781 உள்ள தேசிய மக்கள் சக்தி, 27,986 உள்ள தமிழ்க் காங்கிரஸ், 27,855 உள்ள சுயேச்சைக் குழு. ஆக 3, 1, 1, 1. அன்று அறிவிக்கப்பட்ட முடிவும் இதுவே.

இங்கே நின்று ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மாவட்டத்தின் மொத்த வாக்கில் கால் பங்குகூட நிறையாத கட்சி பாதி ஆசனங்களைப் பெற்றது. பட்டியல் முறை என்றாலே வாக்கும் இடமும் சரிக்குச் சரி வந்துவிடும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? போனஸை எடுத்துவிட்டு ஆறு ஆசனத்தையும் பங்கிட்டால் விலை 40,041 ஆகும். தேசிய மக்கள் சக்தி இரண்டை வாங்கிவிட்டு 748 வாக்கு மிச்சத்துடன் நிற்கும். தமிழரசுக் கட்சி ஒன்றை வாங்கி 23,286ஐக் கையில் வைத்திருக்கும். அந்த மிச்சமே அதற்கு இரண்டாவது ஆசனத்தைத் தந்துவிடும். அதாவது 2, 2, 1, 1. சட்டத்தின் ஒரே ஒரு வரி ஓர் ஆசனத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறது. களம் ஆறு இடங்களே உள்ள சிறிய களம் என்பதால் அந்த ஒரு வரியின் கனமும் கூடிவிடுகிறது.

இப்போது இதே முறையைத் தமிழகத்தின் 39 இடங்களுக்குப் பொருத்துவோம். மாநிலம் முழுவதும் ஒரே களம், போனஸ் கிடையாது என்று கொள்வோம். நான்கு அணிகளின் விழுக்காட்டையும் கூட்டினால் 96.50. அதை 39ஆல் வகுத்தால் ஓர் இடத்தின் விலை 2.474 விழுக்காடு. திமுக அணி 18 இடங்களை முழு விலைக்கு வாங்குகிறது, மிச்சம் 2.44. அதிமுக அணி 9, மிச்சம் 0.78. பாஜக அணி 7, மிச்சம் 0.96. நாம் தமிழர் 3, மிச்சம் 0.78க்கு ஒரு துளி குறைவு. கொடுத்தது 37, இன்னும் இரண்டு பாக்கி. மிச்சத்தின்படி ஒன்று திமுக அணிக்கு, ஒன்று பாஜக அணிக்கு. முடிவு 19, 9, 8, 3.

மிச்சத்தைப் பார்க்காமல் வாக்கை 1, 2, 3 என்று தொடர்ந்து வகுத்துப் பெரிய ஈவுகளுக்கு இடம் தரும் முறையும் பல நாடுகளில் உண்டு. அதன்படி 20, 9, 7, 3 வரும். கடைசி ஓர் இடம் மட்டும் பெரிய அணியின் பக்கம் சாய்கிறது. எந்தச் சூத்திரம் என்று அறிஞர்கள் நாள்கணக்கில் வாதாடுவது இந்த ஓர் இடத்துக்காகத்தான். 39ஐ 19 அல்லது 20 ஆக்குவது முறையின் மாற்றம். 19ஐ 20 ஆக்குவது சூத்திரத்தின் மாற்றம்.

சரி, இந்த 19, 9, 8, 3இல் ஸ்ரீபெரும்புதூரின் உறுப்பினர் யார்? யாரும் இல்லை. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படியொரு நேரத்தில் 'எங்கள் தொகுதி உறுப்பினர் எங்கே' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். ஒரகடம் சாலையில் தினமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷிப்டுக்குப் போய் வருபவர் மனு கொடுப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும். மாநிலப் பட்டியலில் 14ஆவது பெயராக இருந்து உள்ளே போனவருக்கு இந்தச் சாலை எங்கே இருக்கிறது என்றே தெரிய வேண்டியதில்லை; அவருக்குத் தெரிய வேண்டியது, பட்டியலில் தன் பெயரை 14ஆவதாக எழுதிய தலைவரின் மனநிலை மட்டுமே. இலங்கையில் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். கட்சிக்கு வாக்களித்த பிறகு, அதன் பட்டியலில் மூவருக்கு வரை விருப்பு வாக்கு இடலாம்; உள்ளே போவது யார் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஆனால் அதன் பலனாக, ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் முந்த மாவட்டம் முழுக்கப் போட்டி போடுகிறார்கள்.

தொகுதி உறுப்பினரையும் விடக்கூடாது, வாக்கு விகிதமும் வேண்டும் என்ற இரட்டை ஆசையில் பிறந்ததே கலப்பு முறை. ஜெர்மனியிலும் நியூசிலாந்திலும் வாக்காளர் கையில் இரண்டு வாக்கு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. தொகுதியில் முந்துபவர் வெல்கிறார். கட்சி வாக்கைக் கொண்டு பட்டியல் இடங்கள் பிரிகின்றன. எப்படிப் பிரிகின்றன என்பதில்தான் சூட்சுமம்.

தமிழகத்தின் 39 தொகுதிகளும் அப்படியே இருக்கட்டும். கூடவே 41 பட்டியல் இடங்களைச் சேர்த்து மொத்தம் 80 என்று வைத்துக்கொள்வோம். ஏன் 41 என்பதைப் பிறகு சொல்கிறேன். 2024இல் விழுந்த வாக்கையே கட்சி வாக்காகவும் எடுத்துக்கொள்வோம்.

முதல் வகை ஈடுகட்டும் கலப்பு. இதில் முதலில் 80 இடங்களும் வாக்குப்படி யாருக்கு எத்தனை சேர வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். 96.50ஐ 80ஆல் வகுத்தால் விலை 1.206. திமுக அணி 38ஐ வாங்கி 1.13 மிச்சம் வைக்கிறது. அதிமுக அணி 19, பாஜக அணி 15, நாம் தமிழர் 6ஐ வாங்கி 0.96 மிச்சம். மீதி இரண்டு இடங்கள் திமுக அணிக்கும் நாம் தமிழருக்கும் போக, சேர வேண்டியது 39, 19, 15, 7. இனி இதிலிருந்து தொகுதிகளில் வென்றதைக் கழிக்க வேண்டும். திமுக அணி ஏற்கெனவே 39ஐத் தொகுதிகளில் வென்றுவிட்டது. பட்டியலிலிருந்து அதற்கு எதுவும் இல்லை. 41 பட்டியல் இடங்களும் மற்ற மூவருக்கே: 19, 15, 7. தொகுதி உறுப்பினர் 39 பேரும் இருக்கிறார்கள், அவையின் மொத்தமும் வாக்கு விகிதப்படி இருக்கிறது.

இரண்டாவது வகை இணையாக ஓடும் கலப்பு. இதில் கழித்தல் கிடையாது. தொகுதியில் வென்றது வென்றதுதான். 41 பட்டியல் இடங்களை மட்டும் தனியாக எடுத்து வாக்குப்படி பிரிக்கிறார்கள். விலை 2.354. கணக்கு 20, 10, 8, 3 என்று வருகிறது. தொகுதி இடங்களுடன் கூட்டினால் 59, 10, 8, 3. அதே வாக்கு, அதே தொகுதிகள், அதே 41 பட்டியல் இடங்கள். கழித்துத் தந்தால் பெரிய அணிக்கு 39. கூட்டித் தந்தால் 59. நேபாளத்தின் பிரதிநிதிகள் சபையில் 275 இடங்களில் 165 தொகுதிவழி, 110 பட்டியல்வழி. அது இந்த இரண்டாவது வகை. ஜெர்மனியும் நியூசிலாந்தும் முதல் வகை. மூன்று நாட்டையும் ஒரே மூச்சில் 'கலப்பு முறை' என்று சொல்லிவிட்டுப் போகிறவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

இனி அந்த 41. ஒரே அணி எல்லாத் தொகுதியையும் வாரிக்கொண்டால், மற்றவர்களுக்கு ஈடுகட்டப் பட்டியலில் போதுமான இடம் வேண்டும். மொத்தம் 80க்கு ஒன்று குறைந்தாலும் இந்த 39 வாக்குப் பங்குக்குள் அடங்காது. அதனால்தான் 41. தொகுதிகளைவிடப் பட்டியல் பெரிதாக இருக்க வேண்டியிருக்கிறது! இதைக் குறைத்தால் என்ன ஆகும்? தொகுதி 60, பட்டியல் 40 என்ற விகிதத்தில் 39க்கு 26 பட்டியல் இடங்கள் சேர்த்து 65 ஆக்கினால், திமுக அணிக்குச் சேர வேண்டியது 32 மட்டுமே. வென்றதோ 39. ஏழு இடம் மிகை. வென்றவரை வீட்டுக்கு அனுப்புவதா, மற்றவர்களின் பங்கைக் குறைப்பதா, அவையைப் பெரிதாக்குவதா?

60:40 என்பது நான் கற்பனை செய்த விகிதமல்ல. இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களுக்கு வட்டாரம் 60, பட்டியல் 40 என்று வகுத்து, ஒரே வாக்கை வட்டார வேட்பாளருக்கும் கட்சிக்கும் சேர்த்து எண்ணும் கலப்பு முறையை 2018 பிப்ரவரியில் முதன்முதலாக நடத்தினார்கள். மிகை ஏற்பட்டால் அவை பெருகும் என்பது விதி. முன்பு நாடு முழுவதும் சுமார் 4,500 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 8,000ஐத் தாண்டியது. ஜெர்மனியில் மிகைக்கு ஈடாக மற்ற கட்சிகளுக்கும் இடம் கொடுத்துக்கொண்டே போனதில் நாடாளுமன்றம் 2021இல் 736 பேருக்கு வீங்கியது. 2023இல் சட்டத்தைத் திருத்தி 630 என்று பூட்டினார்கள். பூட்டியதன் விலை, 2025 தேர்தலில் தொகுதியில் முதலாவதாக வந்த 23 பேருக்கு இடம் இல்லை என்றானது. மிகைக்கு வலியில்லாத வைத்தியம் இன்னும் எவரிடமும் இல்லை.

என் கணக்கில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அணிகளை ஒரே கட்சிபோல் எண்ணியிருக்கிறேன். பட்டியல் முறை வந்தால் அணிகள் இப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. விடுதலைச் சிறுத்தைகள், இரு கம்யூனிஸ்ட் கட்சிகள் ஆகியவை 2024இல் அணியில் நின்று தலா 2 இடங்களை வென்றன. 5 விழுக்காட்டு வாசல் வைத்துத் தனித்தனியே நிற்கச் சொன்னால் இவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். நம் ஊரில் சிறிய கட்சிகள் கேட்கும் முறை எல்லாச் சிறிய கட்சிகளுக்கும் நல்லது செய்யாது. தனியாக நின்று பரவலாக வாக்கு வாங்குபவருக்கே செய்யும். வாக்காளரும் வேறுமாதிரி வாக்களிப்பார், 'வீணாகிவிடுமே' என்று தயங்கியவர் தயங்க மாட்டார்.

இடஒதுக்கீட்டையும் யோசிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தொகுதியே இல்லாத முறையில் அந்த ஒதுக்கீடு பட்டியலின் வரிசைக்குள் எழுதப்பட வேண்டும், இல்லாவிட்டால் காணாமல் போகும். நேபாளத்தில் தலித்துகள், பழங்குடிகள், மாதேசிகள், பெண்கள் ஆகியோருக்கான பங்கைப் பட்டியலுக்குள் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலப்பு முறையில் தனித்தொகுதிகள் அப்படியே தொடரலாம். ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் வழித்தடத்தின் ஆலைகளில் வேலை செய்யும் ஒடிசா, பிகார் தொழிலாளர்களில் சொந்த ஊரிலேயே வாக்காளராக இருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு முறையாலும் ஒன்றும் மாறாது. அது எண்ணும் முறையின் சிக்கல் அல்ல, எங்கிருந்து வாக்களிப்பது என்ற வேறு சிக்கல்.

இந்தியாவில் இது வெறும் மேடைப் பேச்சாக மட்டும் இருக்கவில்லை. சட்ட ஆணையம் 1999இல் தந்த 170ஆவது அறிக்கையில், இருக்கும் தொகுதிகளை வைத்துக்கொண்டு மக்களவையில் 25 விழுக்காடு இடங்களைக் கூடுதலாகப் பட்டியல் வழியே நிரப்பலாம் என்றது. 2015இல் வந்த 255ஆவது அறிக்கையும் அந்த யோசனையைத் திரும்ப எடுத்துப் பேசியது. தமிழகக் கணக்கில் 25 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 10 இடங்கள். கூட்டித் தரும் வகையில் அந்தப் பத்து 5, 2, 2, 1 என்று பிரியும். 49 பேரில் திமுக அணி 44. கழித்துத் தந்தால் பத்தும் மற்ற மூவருக்கே போகும். அப்போதும் 39க்கு 10. 2014 போலவோ 2024 போலவோ ஓர் அலை அடித்தால், 25 விழுக்காடு ஈடுகட்டப் போதாது. எதிர்க்குரல் ஒன்றிரண்டாவது உள்ளே இருக்கட்டும் என்பதற்குப் போதும்.

என் கருத்து கழித்துத் தரும் கலப்பின் பக்கம். இந்த வழித்தடத்துக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் உறுப்பினர் வேண்டும். அவருக்கு எதிராக வாக்களித்த லட்சக்கணக்கானோருக்கும் அவையில் ஆள் வேண்டும். ஆனால் அதற்கு அவை கிட்டத்தட்ட இரட்டிப்பாக வேண்டும், அல்லது தொகுதிகள் பாதியாகக் குறைந்து ஒவ்வொன்றும் இரு மடங்கு பெரிதாக வேண்டும். மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் ஆகியவற்றோடு ஏற்கெனவே ஸ்ரீபெரும்புதூரைச் சேர்த்துக் கட்டியிருக்கும் தொகுதியை இன்னும் பெரிதாக்குவது சிறிய விலை அல்ல. அடுத்த தேர்தல் அறிக்கையில் எந்தக் கட்சியாவது விகிதாசார முறை கொண்டுவருவோம் என்று எழுதியிருந்தால், பட்டியல் இடங்கள் எத்தனை, தொகுதியில் வென்றதைக் கழித்துவிட்டுத் தருவீர்களா கழிக்காமல் தருவீர்களா என்ற இரண்டையும் வாக்குக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்.